டெலிவரி நேரத்தில் வேலி தாண்டிய நான்கு எண்கள்: எது பிழை, எது மழை?

*கேள்வி: மேற்கு மாம்பலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். சுற்றுவட்டாரத்துக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஒருநாளில் நடந்த 20 டெலிவரிக்கு ஆன நிமிடங்களை வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது: 4, 21, 23, 24, 25, 26, 27, 28, 29, 30, 31, 32, 33, 34, 36, 38, 41, 74, 88, 358. சராசரி 50.1, மீடியன் 30.5. இன்டர்குவார்டைல் ரேஞ்ச் விதியைப் போட்டால் 4, 74, 88, 358 நான்குமே அவுட்லையர் என்கிறது. நான்கையும் தூக்கிவிட்டு “45 நிமிடத்தில் மருந்து வீட்டில்” என்று போர்டு எழுதலாமா? பில் எண், நேரம், ஏரியா, கொண்டுபோன பையன் எல்லாம் உள்ள ஷீட்டை இணைத்திருக்கிறேன்.*

தூக்க வேண்டாம். உங்கள் ஷீட்டை வரிவரியாகப் பார்த்தேன். 358 கடிகாரப் பிழை, அதைத் திருத்த முடியும். 4 பொய்யான எண், அதை அழித்துவிட்டு வரியை மட்டும் வைத்திருங்கள். 74-ம் 88-ம் உண்மையாக நடந்தவை, தொடவே கூடாது. விதி நான்கையும் ஒரே கூடையில் போட்டது. ஆனால் மூன்று விதமான சங்கதிகள் அதில் கலந்து கிடக்கின்றன. இதை எப்படிப் பிரித்தேன் என்பதைச் சொல்கிறேன், அடுத்த மாதம் நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில் கணக்கு சரியா என்று பார்த்துவிடுவோம். இருபது எண்ணில் முதல் பத்தின் நடு 25.5, பின் பத்தின் நடு 37. இவைதான் முதல் கால்மானமும் மூன்றாம் கால்மானமும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 11.5, நீங்கள் சொன்ன இன்டர்குவார்டைல் ரேஞ்ச், தமிழில் கால்மான வீச்சு, இதுதான். இதன் ஒன்றரை மடங்கு 17.25. கீழே 25.5-இல் இருந்து கழித்தால் 8.25, மேலே 37-உடன் கூட்டினால் 54.25. இந்த இரண்டு வேலிக்கு வெளியே நிற்பவை நீங்கள் சொன்ன அதே நான்கு. எக்செல்லில் போட்டால் எண் கொஞ்சம் மாறி வரும், பயப்பட வேண்டாம்:

```
=QUARTILE.INC(E2:E21,1)
=QUARTILE.INC(E2:E21,3)
```

இது 25.75-உம் 36.5-உம் தரும், வேலி 9.6-க்கும் 52.6-க்கும் நகரும். கால்மானத்தை எடுக்கப் பல வழிகள் இருப்பதால் வரும் வித்தியாசம் அது. எந்த வழியில் போட்டாலும் உங்கள் பட்டியலில் அதே நான்குதான் மாட்டுகின்றன. ஒரு எண் ஒரு வழியில் உள்ளேயும் இன்னொரு வழியில் வெளியேயும் நின்றால், அதைப் பற்றி விதி எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சராசரியை வைத்தே இந்த வேலையைச் செய்யலாமே, திட்ட விலக்கத்தின் மூன்று மடங்குக்கு மேல் போனால் சந்தேகப்படு என்று பாடத்தில் படித்தோமே என்று சிலர் கேட்பார்கள். உங்கள் எண்களிலேயே போட்டுப் பாருங்கள். சராசரி 50.1, திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 74.7. மூன்று மடங்கைக் கூட்டினால் மேல் எல்லை 274 நிமிடம். கீழ் எல்லை மைனஸ் 174. அதாவது ஒரு மருந்துப் பொட்டலம் நாலரை மணி நேரம் தெருவில் சுற்றினாலும் அந்த விதிக்கு எல்லாம் சரிதான். 88 தப்பிவிடும், 74 தப்பிவிடும், 4 எப்படியும் தப்பிவிடும். காரணம் வேடிக்கையானது: 358 என்ற ஒற்றை எண் சராசரியையும் இழுத்தது, விலக்கத்தையும் ஊதிவிட்டது. திருடனே காவலுக்கு எல்லை குறித்துக் கொடுத்த கதை. பட்டியல் இன்னும் சிறிதாக இருந்தால் நிலைமை மோசம். பத்தே எண் இருக்கும்போது ஒரு எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது சராசரியில் இருந்து மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டவே முடியாது. கணக்கின் அமைப்பே அப்படி.

கால்மானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 358-க்குப் பதில் 3580 என்று இருந்தாலும் மூன்றாம் கால்மானம் 37-ஆகவே இருக்கும். அதனால் சந்தேகப்பட ஆள் பிடிப்பதற்குக் கால்மான வீச்சு விதி நல்லது. ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு.

இந்த ஒன்றரை மடங்கு எங்கிருந்து வந்தது? ஜான் டூக்கி என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1977-இல் வந்த அவருடைய புத்தகத்தால் பரவலானது. வேலி என்ற சொல்லும் அவருடையதுதான். மணி வடிவில் சமச்சீராக விழும் எண்களில் இந்த வேலிக்கு வெளியே ஆயிரத்தில் ஏழு பேர்தான் போவார்கள். டெலிவரி நேரம் அப்படி விழாது. கீழ்ப்பக்கம் ஒரு சுவர் இருக்கிறது, எவ்வளவு முறுக்கினாலும் வண்டி அதைவிட வேகமாகப் போகாது. மேல்பக்கம் சுவரே கிடையாது. மழை, ரயில்வே கேட், லிஃப்ட் வேலை செய்யாத அபார்ட்மெண்ட், போனை எடுக்காத வாடிக்கையாளர் என்று வால் நீண்டுகொண்டே போகும். வலப்பக்கம் நன்றாக நீண்ட வால் உள்ள எண்களில், ஒரு பிழைகூட இல்லாவிட்டாலும் நூற்றுக்கு நான்கைந்து மேல்வேலியைத் தாண்டுவது சகஜம். அடுக்குக்குறிப் பரவல் என்று பாடத்தில் வருமே, அதில் கணக்காக 4.8 சதவீதம். மாதம் 600 டெலிவரி பார்க்கும் கடையில் அப்படி 29 வரை நேர்மையான எண்களுக்கு விதி முத்திரை குத்தலாம்.

சரி, அப்படியென்றால் வேலியை இன்னும் தள்ளிப் போடலாமா? ஒன்றரைக்குப் பதில் மூன்று மடங்கு என்று இரண்டாவது, வெளி வேலி ஒன்றும் உண்டு. உங்கள் எண்களில் அது மேலே 71.5, கீழே மைனஸ் 9. இங்கேதான் எனக்கு ஆச்சரியம். 74-ம் 88-ம் இந்தத் தூர வேலியையும் தாண்டி நிற்கின்றன, ஆனால் இரண்டும் நிஜம். 4 உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அது பொய். எண் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை வைத்து அது பிழையா இல்லையா என்று சொல்லவே முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் தேடினாலும் கிடைக்காது. தூரம் சொல்வது “இந்த வரியைப் போய்ப் பார்” என்பதை மட்டும்தான்.

போய்ப் பார்ப்போம். 358-இன் வரியில் ஆர்டர் நேரம் 12:50, கொடுத்த நேரம் 18:48. ஆறு மணி நேரம் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, சரக்கு இல்லாமல் ஏஜென்சியில் இருந்து வரவழைத்துக் கொடுத்திருப்பார்கள் என்றுதான். மருந்துக்கடையில் இது தினமும் நடப்பது. அப்படியானால் எண் நிஜம், ஆனால் அது அளப்பது டெலிவரி நேரத்தை அல்ல, சரக்கு வந்து சேர்ந்த நேரத்தை. அப்போது அதைத் தனிக் கட்டத்தில் போட வேண்டியிருக்கும். பிறகு 358-இல் இருந்து 330-ஐக் கழித்துப் பார்த்தேன். 28. உங்கள் மீடியனுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது.

ஏன் 330? இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதாவது 330 நிமிடம். வெப்சைட்டுகளின் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதி வைக்கும். கொடுத்த நேரம் பையனுடைய போனில் இருந்து இந்திய நேரத்தில் வருகிறது. ஒன்றை ஒன்றில் இருந்து கழித்தால் 330 கூடும். மாறி விழுந்தால் மைனஸ் எண் வரும். உங்கள் ஷீட்டில் மற்ற ஆர்டர்கள் எல்லாம் கவுன்டரில் போன் வழியாக எழுதியவை, இது ஒன்றுதான் வெப்சைட்டில் இருந்து வந்தது. ஆனாலும் 28 பொருந்திவிட்டது என்பதற்காக மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. தற்செயலாகவும் அப்படி அமையலாம் அல்லவா. இரண்டாவது சாட்சி பில் எண். உங்கள் பில் எண்கள் வரிசையாக ஏறுகின்றன. இந்த பில்லுக்கு முந்தைய பில் 18:15, அடுத்த பில் 18:24. மதியம் 12:50-க்குப் போட்ட பில் அந்த இடத்தில் வரவே வராது. ஆகவே ஆர்டர் வந்தது 18:20, கொடுத்தது 18:48, ஆன நேரம் 28 நிமிடம். திருத்தி எழுதுங்கள். பழைய எண்ணைப் பக்கத்துக் கட்டத்தில் விட்டுவையுங்கள், நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

இதே மாதிரி முகம் தெரிந்த எண்கள் இன்னும் இரண்டு உண்டு. காலை மாலை குழப்பத்தில் 720 கூடும், தேதி ஒருநாள் தள்ளி விழுந்தால் 1440 கூடும். கழித்துப் பார்த்து மீதி சாதாரண நேரமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். அப்புறம் பில் எண் போன்ற வேறொரு சாட்சியைத் தேட வேண்டும்.

அடுத்து 4. பில் 11:06, கொடுத்தாச்சு என்று அழுத்தியது 11:10, இடம் அசோக் நகர். மருந்தை எடுத்து, கவரில் போட்டு, வண்டியைக் கிளப்பி, சிக்னலைத் தாண்டி நான்கு நிமிடத்தில் அங்கே கதவைத் தட்ட முடியாது. கடைக்கு மேல்மாடியில் இருப்பவருக்கு என்றால் நான்கு நிமிடம் நிஜம்தான். அதனால்தான் ஏரியாவைப் பார்க்காமல் சின்ன எண்ணையும் தள்ளக் கூடாது. இங்கே நடந்தது பையன் கிளம்பும் முன்பே கடை வாசலில் பட்டனை அழுத்தியது. நிறைய பேர் இதைச் செய்வார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கையில் கவரும் சில்லறையும் இருக்கும்போது போனை எடுப்பது சிரமம், அதனால் முன்கூட்டியே முடித்துவைத்துவிடுவார்கள்.

இந்தப் பக்கத்துப் பிழையைப் பிடிக்கக் கீழ்வேலியை நம்பாதீர்கள். உங்கள் எண்கள் நெருக்கமாக இருந்ததால் வேலி 8.25-இல் விழுந்தது, 4 மாட்டியது. கால்மானங்கள் 20-ம் 40-ம் ஆக இருந்திருந்தால் கீழ்வேலி மைனஸ் 10, எந்தப் பொய்யும் மாட்டாது. கீழ்ப்பக்கத்துக்கு விதியைவிட ரோடுதான் நல்ல அளவுகோல். ஒவ்வொரு ஏரியாவுக்கும் காலியான ரோட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை குறித்து வையுங்கள், கவர் போட ஐந்து நிமிடம் சேருங்கள். அதற்குக் கீழே வருவது எல்லாம் கேள்விக்குரியது.

4-க்குப் பதில் என்ன எழுதுவது? சராசரியை எழுதாதீர்கள், மீடியனையும் எழுதாதீர்கள், அது கைப்பட எழுதிய கற்பனை எண். கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஆனால் நமக்கு ஒன்றுமே தெரியாது என்றும் இல்லை. அதே பையன் அதே சுற்றில் கே.கே. நகரில் இன்னொரு மருந்தை 11:31-க்குக் கொடுத்திருக்கிறான். மாம்பலத்தில் இருந்து கே.கே. நகர் போகும் வழியில்தான் அசோக் நகர். போகும்போதே கொடுத்தானா என்று அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால் 11:06-இல் இருந்து 11:31-க்குள், அதாவது 25 நிமிடத்துக்குள் அந்த மருந்து வீடு சேர்ந்துவிட்டது. சரியான நிமிடம் தெரியாவிட்டாலும் 45-க்குள் என்பது நிச்சயம். இது பின்னால் உதவும்.

இனி 74, 88. இரண்டும் தி.நகர். இரண்டும் ஒரே பையன். 19:05-க்கும் 19:10-க்கும் போட்ட பில்கள், 20:19-க்கும் 20:38-க்கும் கொடுத்தவை. குறிப்பு கட்டத்தில் நீங்களே “மழை” என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். நல்ல மழையில் ரயில் பாதைக்குக் கீழே போகும் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மாம்பலத்தில் இருந்து தி.நகருக்கு என்ன பாடு படவேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடம்பாக்கம் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும், அங்கே ஊரே நின்றிருக்கும். ஆனால் மழை என்ற குறிப்பை மட்டும் நம்பியும் நான் முடிவு செய்யவில்லை. அதே மணி நேரத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கமே கொடுத்த இரண்டு டெலிவரியைப் பாருங்கள்: 38, 41. வேலிக்குள் இருப்பவற்றில் மிகப் பெரிய இரண்டும் அவைதான். அதாவது அன்று மாலை எல்லாமே மெதுவாகியிருக்கிறது. பாதையைத் தாண்ட வேண்டியவை ரொம்ப மெதுவாகியிருக்கின்றன. இரண்டு பொட்டலங்களுக்கும் நடுவே 19 நிமிட இடைவெளியும் மழையில் தி.நகருக்குள் ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குப் போக நியாயமானதே.

நிஜமான தாமதம் பெரும்பாலும் தனியாக வராது. பக்கத்து நேரத்தையும் பக்கத்துத் தெருவையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும், சுற்றி உள்ள எண்களிலும் அதன் சாயல் தெரியும். கடிகாரப் பிழைக்கு அப்படிச் சாயல் இருக்காது. 358-க்கு முன்னும் பின்னும் உள்ள பில்கள் 27, 31 என்று அமைதியாக இருக்கின்றன. பிழையும் சிலசமயம் கூட்டமாக வரும், மறுக்கவில்லை. ஒரு போனில் நேரம் தப்பாக இருந்தால் அந்தப் போனில் இருந்து வருவது எல்லாமே தப்பு. ஆனால் அந்தக் கூட்டம் ஒரே போனையோ ஒரே சாஃப்ட்வேரையோ சுற்றி இருக்கும், எல்லாமே ஒரே அளவு விலகியிருக்கும். மழை அப்படி அளந்து பெய்யாது.

வேலிக்குள் இருப்பவை எல்லாம் சுத்தம் என்றும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் 29-ம் 34-ம் ஒரே பையன், வேறு வேறு தெரு, ஆனால் இரண்டிலும் கொடுத்த நேரம் 17:42. ஒரே நிமிடத்தில் இரண்டு வாசலில் ஒருவர் நிற்க முடியாது. இரண்டாவது வீட்டில் நின்று இரண்டையும் சேர்த்து அழுத்தியிருக்கிறான். எந்த விதியும் இதைப் பிடிக்காது. ஐந்தாறு நிமிடப் பிசகுதான், எதையும் மாற்றாது, நான் விட்டுவிடுவேன். விட்டுவிடுகிறோம் என்று தெரிந்து விடுவதில் தப்பில்லை.

இப்போது மூன்று கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றையும் தொடாமல் விட்டால் சராசரி 50.1, மீடியன் 30.5. நீங்கள் கேட்டபடி நான்கையும் நீக்கினால் மிஞ்சும் 16 எண்ணில் சராசரி 29.9, மீடியன் 29.5. நான் சொன்னபடி செய்தால், அதாவது 358-ஐ 28 ஆக்கி, 4-ஐக் காலியாக்கி, மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டால், 19 எண்ணில் சராசரி 35.2, மீடியன் 30. சராசரி ஐம்பதில் இருந்து முப்பதுக்கு ஆடுகிறது, மீடியன் ஒரு நிமிடத்துக்குள் அசைகிறது. 358 என்ற ஒற்றைத் தப்பு மட்டுமே சராசரியில் 16.5 நிமிடத்தை ஏற்றியிருந்தது.

மீடியனுக்கு இன்னொரு வசதி உண்டு. காலியாக விட்ட அந்த அசோக் நகர் டெலிவரி 25 நிமிடத்துக்குள் என்று தெரியும் அல்லவா? மீடியனுக்கு அந்த எண் நடுவுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே போதும். 25-க்குள் எதுவாக இருந்தாலும் 20 டெலிவரியின் மீடியன் 29.5 தான். சராசரிக்கு அந்தச் சலுகை இல்லை, அதற்குச் சரியான நிமிடம் வேண்டும். பத்து நிமிடம் என்று வைத்தால் 33.9, இருபத்தைந்து என்று வைத்தால் 34.7, இடையில் எங்கோ.

இதனால் மீடியன்தான் உசத்தி, சராசரியைத் தூக்கிப் போடு என்று சொல்லவில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்னொரு பையனைச் சேர்க்க வேண்டுமா, மாலையில் எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று பார்க்கச் சராசரிதான் வேண்டும். சராசரியை எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்த நேரம் வரும், மீடியனைப் பெருக்கினால் ஒன்றும் வராது. மழையில் செலவான 74 நிமிடமும் நீங்கள் சம்பளம் கொடுத்த நிமிடம்தான். வழக்கமான வாடிக்கையாளருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதற்கு மீடியன். போர்டில் வாக்குக் கொடுப்பதற்கு இரண்டுமே உதவாது. மீடியன் 30 என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் காத்திருந்தார்கள் என்று பொருள். வாக்குக்கு வேண்டியது வால்.

நீங்கள் நீக்கச் சொன்ன வழியின் ஆபத்தும் அங்கேதான். நான்கையும் நீக்கினால் 45 நிமிடத்தைத் தாண்டியது 16-இல் பூஜ்யம், நூற்றுக்கு நூறு. திருத்திய கணக்கில் 20-இல் 2. பத்துக்கு ஒருவர் தாமதமாக வாங்கியிருக்கிறார். தாமதமா என்று அளக்க வேண்டிய கணக்கில், தாமதமாக வந்ததையே அவுட்லையர் என்று வெளியே தள்ளினால் எந்தக் கடைக்கும் நூறு மார்க் கிடைக்கும்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். கோவையில் ஒரு பார்சல் கம்பெனியில் இருந்தபோது ஒன்றரை மடங்கைத் தாண்டும் வரிகளைத் தானாகவே கழிக்கும்படி ஷீட் தயாரித்தேன். மூன்று மாதம் ரிப்போர்ட் பளபளவென்று போனது, புகார் போன்கள் மட்டும் குறையவில்லை. ஒருநாள் கழிந்த வரிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் கூடலூர் மலைப்பக்கத்து இரண்டு பின்கோடு. அந்த வழியாக வண்டி தினமும் போகாது, ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அவர்களுக்கு நான்கு நாள் ஆவது வழக்கமே. ஊரோடு சேர்த்து ஊர்க்காரர்களின் புகாரையும் என் விதி கணக்கில் இருந்து அழித்திருந்தது. நீலகிரியையும் கோவை நகரத்தையும் ஒரே பெட்டியில் போட்டு வேலி கட்டியதுதான் நான் செய்த தப்பு.

உங்கள் கடைக்கும் இது பொருந்தும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டியல், அந்தப் பக்கம் ஒரு பட்டியல் என்று பிரித்துத் தனித்தனியாகக் கால்மானம் எடுங்கள். ஆனால் ஒருநாள் 20 எண்ணைப் பிரித்தால் ஒரு பக்கம் ஐந்தாறுதான் நிற்கும், அதில் கால்மானம் எடுப்பது சோற்றுப் பானையில் இரண்டு பருக்கையை மட்டும் போட்டுப் பதம் பார்ப்பது மாதிரி. குறைந்தது ஒரு மாதம் சேருங்கள், அதில் மழை நாளும் இருக்கட்டும். வரியை அழிக்காமல் பக்கத்தில் ஒரு கட்டம் வைத்து “திருத்தியது”, “நேரம் தெரியாது”, “நிஜம்”, “சரக்கு வர வேண்டியிருந்தது” என்று நான்கில் ஒன்றை எழுதுங்கள். வேலியைத் தாண்டும் வரிகளுக்கு மட்டும் எழுதினால் போதும், மாதம் இருபது முப்பதுதான் வரும்.

மாதக் கடைசியில் இரண்டு பக்கத்துப் பட்டியலையும் தனித்தனி ஷீட்டில் வைத்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 95 டெலிவரி எத்தனை நிமிடத்துக்குள் முடிந்தது என்று பாருங்கள்:

```
=PERCENTILE.INC(E2:E601,0.95)
```

நேரம் தெரியாத வரிகள் காலியாக இருந்தால் இந்தச் சூத்திரம் அவற்றைத் தானாகவே விட்டுவிடும். மேற்கு மாம்பலத்துக்கும் அசோக் நகருக்கும் வரும் எண் 45-க்குக் கீழே இருந்தால் போர்டை எழுதுங்கள். தி.நகருக்கு வேறு எண் எழுதுங்கள், அல்லது மழை நாளில் கூடுதல் நேரம் ஆகும் என்று ஒரு வரி சேருங்கள்.

போர்டு மாட்டிய பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 45-ஐத் தாண்டினால் திட்டு விழும் என்று பையன்களுக்குத் தெரிந்துவிட்டால் கடை வாசலில் பட்டனை அழுத்துவது கூடும். அப்போது 4 மாதிரி அப்பட்டமான எண் வராது. 42, 43, 44 என்று கும்பலாக வரும், 46, 47 வெறிச்சோடிப் போகும். அவை எல்லாம் வேலிக்கு உள்ளேதான் நிற்கும், கால்மான வீச்சு அவற்றை ஒருநாளும் காட்டாது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் எத்தனை டெலிவரி என்று எண்ணிப் பார்த்து, 45-ஐத் தாண்டியதும் அப்படிப் பள்ளம் விழுந்தால், வாரம் நான்கு வாடிக்கையாளருக்குப் போன் போட்டு மருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று கேளுங்கள்.